மூன்றாவது ஊசி

அந்தக் குழந்தை ஆட்டோவில் பிறந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில், பெருநகர் என்கிற ஊர் பக்கத்தில் ஒரு கிராமம். இரண்டாவது பிரசவம் என்பதால் வலி கண்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலுக்கு வருவதற்குள் குழந்தை வெளியே வந்து, தாயின் நாத்தனார் புடவைத் தலைப்பில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. வார்டு நர்ஸ் ஓடிப்போய் ஆட்டோவிலேயே தொப்புள்கொடியை வெட்டினாளாம். நான் அங்கே இல்லை. எனக்கு எல்லாம் பிறகு சொல்லித்தான் தெரியும்.

நான் கிராமத்து நர்ஸ். ஊர்க்காரர்களுக்கு நர்சம்மா. ஆறு கிராமம், ஒரு பழைய ஸ்கூட்டி, தேய்ந்துபோன இரண்டு முழங்கால்கள், நினைத்தபோது வேலை செய்கிற ஒரு செல்போன், இவ்வளவுதான் என் ஆஸ்தி. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, பிரசவித்த வீடுகளுக்குப் போய்ப் பார்ப்பது, புதன்கிழமை தடுப்பூசி போடுவது, இவை என் வேலை. கொசுப்புழு கணக்கு, சர்க்கரை நோயாளி கணக்கு, கருத்தடைக் கணக்கு எல்லாம் என் தலையெழுத்து. வேலையைச் செய்வதைவிட, செய்தேன் என்று எழுதுவதற்குத்தான் அதிக நேரம் போகிறது. இதைச் சொன்னால் மேலே இருப்பவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும், ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம்தான்.

வெள்ளிக்கிழமை பிறந்த குழந்தை, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. திங்கட்கிழமை நான் போனேன். அன்றைக்கு அது ஐந்தாவது வீடு. வெயிலில் வந்து தலை கிறுகிறுத்தது. குழந்தையை எடை போட்டேன், மூச்சைப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், பால் குடிக்கிறதா என்று பார்த்தேன். பெண் குழந்தை, நல்ல நிறை. தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், வெளுத்துப் போயிருந்தாள். பிரசவத்தில் அவளுக்கு ரத்தம் கொஞ்சம் அதிகமாகத்தான் போயிருக்கிறது. பதில் சொன்னதெல்லாம் கணவனின் அக்கா, அந்த நாத்தனார்தான். வாய் ஓயாத மனுஷி, ஆனால் ஆட்டோவில் குழந்தையைக் கையில் வாங்கியவளும் அவள்தான்.

"ஊசிங்க எல்லாம் போட்டாங்களா?" என்று கேட்டேன், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"போட்டாங்கோ நர்சம்மா. கையில ஒண்ணு, தொடையில ஒண்ணு. வாயில சொட்டு வுட்டாங்கோ. தொடையில போட்டதுக்கு ஆஸ்பத்திரியையே ரெண்டாக்கிச்சு."

கையில் ஒன்று, அது காசநோய்க்கு. தொடையில் ஒன்று. நான் நோட்டில் காசநோய்த் தடுப்பூசிக்கு ஒரு டிக் போட்டேன், மஞ்சள் காமாலைக்கு ஒரு டிக் போட்டேன், அதற்குக் கீழே இருந்த, ரத்தம் உறைவதற்காகப் போடுகிற வைட்டமின் கே கட்டத்திலும் ஒரு டிக் போட்டேன். எங்கள் நிலையத்தில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் அதைப் போட்டுவிடுவார்கள். எத்தனையோ வருஷமாக அந்தக் கட்டத்தில் டிக் போட்டுப் போட்டு என் கை தானாகப் போடப் பழகியிருந்தது. பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆறாவது வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை அங்கன்வாடியில் தடுப்பூசி. முப்பதுக்கு மேல் குழந்தைகள், அத்தனையும் அழுகை. மதியம் இரண்டு மணிக்கு மேல் எல்லோரும் போய்விட, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு செல்போனில் பதிவேற்ற உட்கார்ந்தேன். அப்போது அந்த நாத்தனாரிடமிருந்து அழைப்பு வந்தது.

"நர்சம்மா, கொயந்தைக்கு தொப்புளு ஈரமாவே கீது. காலையில இருந்து நாலு துணி மாத்திட்டேன்."

"சீழ் கீழ் வருதா? நாத்தம் அடிக்குதா?"

"அதெல்லாம் இல்ல. லேசா ரத்தம் மாதிரி கீது. கொடி வியற நேரம்ல, அதனாலன்னு இவ சொல்றா. நான் மஞ்சப்பொடி வச்சிருக்கேன்."

"மஞ்சப்பொடி எதுக்கு வச்ச? ஒண்ணும் வைக்கக்கூடாதுன்னு தொண்டை தண்ணி வத்த சொன்னேன்ல? தொடச்சி வுட்டு சுத்தமான துணி வை. நாளைக்கு வரேன்."

கொடி விழும்போது ஒரு சொட்டு இரண்டு சொட்டு ரத்தம் வருவது உண்டு. வாரத்துக்கு இரண்டு பேர் இப்படிப் பயந்துபோய்க் கூப்பிடுவார்கள். நாளை என்று நான் சொன்னதற்கு அதைக் காரணமாகச் சொல்லலாம். ஆனால் உண்மை என்னவென்றால், எனக்குக் களைப்பு. அந்தச் சோற்றைத் தின்றுவிட்டு வீட்டுக்குப் போய்க் காலை நீட்ட வேண்டும் போலிருந்தது. அதை மறைத்து எழுதி ஆகப்போவது ஒன்றும் இல்லை.

இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். நாலு துணி என்று அவள் சொன்னது தொண்டையில் மாட்டிக்கொண்டது. ஒரு சொட்டுக்கு யாரும் நாலு துணி மாற்ற மாட்டார்கள். நோட்டை எடுத்து அந்தக் குழந்தையின் பக்கத்தைப் புரட்டினேன். மூன்று டிக். நாத்தனார் சொன்னதோ இரண்டு ஊசி. கையில் ஒன்று, தொடையில் ஒன்று. மஞ்சள் காமாலை ஊசியும் தொடையில்தான் போடுவார்கள், வைட்டமின் கே ஊசியும் தொடையில்தான். இரண்டும் போட்டிருந்தால் இரண்டு தொடையிலும் ஊசி பட்டிருக்க வேண்டும். பட்டது ஒரு தொடையில்தான். எண்ணத் தெரிந்த ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடித்திருக்கும் அதை.

வார்டு நர்ஸைக் கூப்பிட்டேன். வெள்ளிக்கிழமை ஆட்டோவில் வந்த குழந்தைக்கு வைட்டமின் கே போட்டாயா என்று கேட்டேன்.

"அந்தம்மாவுக்கு ரத்தம் நிக்காம போய்க்கினு இருந்துச்சுக்கா. நான் அவங்களத்தான் புடிச்சிக்கினு இருந்தேன். அப்புறம் ஷிப்டு மாறிடுச்சு. அடுத்து வந்தவங்க போட்டிருப்பாங்கன்னு..." என்று இழுத்தாள். அவள் அடுத்தவளை நம்பியிருக்கிறாள், அடுத்தவள் இவளை நம்பியிருக்கிறாள். குழந்தை எங்கள் பிரசவ அறைக்குள் பிறந்திருந்தால் மேசையிலேயே மருந்து இருக்கும், கை தானாகப் போட்டிருக்கும். எல்லோரையும் விட்டுவிடுங்கள், மூன்றாம் நாள் போய் நேருக்கு நேராகக் கேட்டவள் நான். போடவில்லை என்று அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் அன்றைக்கே போட்டிருக்கலாம்.

டிபன் பாக்ஸை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். ஏழு கிலோமீட்டர் இருக்கும். வழியெல்லாம் என் மேல் எனக்கே ஆத்திரம்.

வீட்டில் குழந்தை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. துணியை விலக்கினேன். மஞ்சள்பொடி ரத்தத்தில் ஊறிச் சேறாகி, எவ்வளவு ரத்தம், எவ்வளவு மஞ்சள் என்றே தெரியவில்லை. சுத்தமான பஞ்சால் துடைத்தேன். துடைத்த இடத்தில் மறுபடி சிவப்பு ஊறியது. வேகமாக ஒன்றும் இல்லை, மெதுவாக, நிற்காமல் ஊறியது. குழந்தையைத் திருப்பினேன். முதுகில், தூக்கும்போது கை படுகிற இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு நீலமாகக் கன்றிய ஒரு தடம்.

"இது எப்ப வந்துது?"

"காலையில பாத்தேன். எறும்பு கடிச்சிச்சோ இன்னாவோன்னு நெனச்சேன்" என்றாள் தாய். அன்றைக்குத்தான் அவள் குரலை நான் சரியாகக் கேட்டேன்.

மடித்த துணியைத் தொப்புளில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டேன். எங்கள் நிலையத்து டாக்டர் சின்ன வயதுப் பெண், வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. இரண்டு வரி சொல்வதற்குள், "பால் குடிக்குதா சிஸ்டர்? வாந்தி, ஃபிட்ஸ் ஏதாவது? உச்சிக்குழி புடைச்சிருக்கா?" என்று கேட்டார். தொட்டுப் பார்த்தேன். புடைக்கவில்லை. "உடனே கொண்டு வாங்க. அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வாங்க. நான் 108-க்குச் சொல்லி இங்க நிறுத்தி வைக்கிறேன்."

குழந்தை பிறந்த அதே ஆட்டோவில்தான் போனோம். தாயின் மடியில் குழந்தை, பக்கத்தில் நான், என் இரண்டு விரல் தொப்புளில். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோக்காரரைத் திட்டினேன். எனக்குப் பயம் தொப்புளைப் பற்றி இல்லை. வைட்டமின் கே இல்லாமல் வருகிற இந்த நோயில் ரத்தம் உறையாது, எங்கே வேண்டுமானாலும் கசியும். தொப்புள், மூக்கு, வயிறு. தலைக்குள் கசிந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, தெரியும்போது நேரம் கடந்திருக்கும். சில குழந்தைகளுக்கு முதல் வாரத்தில் ஒன்றுமே வராமல், ஒன்றரை மாதம் இரண்டு மாதம் நன்றாக இருந்துவிட்டு, ஒருநாள் வீரிட்டு அழுது வலிப்பு வரும். அதைப் பயிற்சி வகுப்பில் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்த நோட்டு எந்தப் பரணில் கிடக்கிறதோ.

நாத்தனார் முன்னால் ஆட்டோக்காரர் பக்கத்திலிருந்து திரும்பி, தம்பி மனைவியைத் திட்ட ஆரம்பித்தாள். "கீரை ஆக்கிப் போட்டா மூஞ்சியத் திருப்பிக்கினே. பத்தியம் ஒழுங்கா இருந்தாத்தானே பாலு ஒழுங்கா இருக்கும்? இப்ப பாரு."

தாய் அழவில்லை. என்னைப் பார்த்து, "என் பாலு நல்லா இல்லையா நர்சம்மா?" என்று கேட்டாள்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. "உன் பாலு நல்லாத்தான் கீது. எந்தத் தாய்ப்பால்லயும் இந்தச் சத்து கொஞ்சம்தான் இருக்கும். கட்டுக் கட்டா கீரை தின்னாலும் அது போதாது. உன்னால வந்ததில்ல" என்றேன். நாத்தனார் பக்கம் திரும்பி, "நீ கொஞ்சம் வாய மூடு" என்றேன். அவள் மூடிக்கொண்டாள். அவளும் பயத்தில்தான் பேசினாள் என்று எனக்குத் தெரியும்.

நிலையத்தில் டாக்டர் தயாராக நின்றார். குழந்தையின் கையில் நரம்பைப் பிடித்ததும் முதலில் கொஞ்சம் ரத்தத்தைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்து மேசையில் நிறுத்தினார். பாம்புக்கடி கேஸ் வந்தால் நாங்கள் செய்வதுதான் அது. இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தால் ரத்தம் உறைந்திருக்க வேண்டும். அதற்காக டாக்டர் காத்திருக்கவில்லை. அதே நரம்பு வழியாக வைட்டமின் கே மருந்தை மெல்ல மெல்லச் செலுத்தினார். ஒரு மில்லிகிராம். பிறந்தவுடன் தொடையில் போட வேண்டிய அதே மருந்து, அதே அளவு. அது ஒரு சின்ன ஆம்பூல், என் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பி.

தகவல் தெரிந்து குழந்தையின் அப்பா ஒரகடம் கம்பெனியிலிருந்து யூனிஃபார்மோடு வந்து சேர்ந்தார். "இன்னா ஆச்சு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேன்றீங்க" என்று சத்தம் போட்டார். டாக்டர் அவரை உட்காரவைத்துச் சொன்னார். ரத்தத்தை உறைய வைக்கிற பொருட்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அதில் நாலைந்து பொருட்களை வேலை செய்கிற நிலைக்குக் கொண்டுவர வைட்டமின் கே வேண்டும். கர்ப்பத்தில் இருக்கும்போது அது தாயிடமிருந்து குழந்தைக்கு மிகக் கொஞ்சம்தான் போகும். பெரியவர்கள் குடலில் அதைச் செய்கிற கிருமிகள் இருக்கின்றன, பிறந்த குழந்தை குடலில் அவை இன்னும் குடியேறவில்லை. பாலிலும் குறைவு. அதனால் எல்லாக் குழந்தையுமே கையிருப்பு இல்லாமல்தான் பிறக்கிறது.

அவர் புரியாமல் விழித்தார். நான் குறுக்கே புகுந்தேன். "வூடு கட்றப்ப செங்கல் இருக்கு, ஆளு இருக்கு, சிமெண்ட்டு மட்டும் வரலன்னா சுவரு நிக்குமா? அதான். அந்த ஒரு ஊசி போட்டா சிமெண்ட்டு வந்த மாதிரி. மாசக் கணக்குல தாங்கும், அதுக்குள்ள கொயந்தைக்குத் தானா சத்து சேந்துடும்."

"அப்ப ஏன் போடல?" என்று கேட்டார். சரியான கேள்வி. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்வதற்குள் ஆம்புலன்ஸ்காரர் வந்து, கிளம்பலாம் என்றார். கிளம்பும்போது டாக்டர் கண்ணாடிக் குழாயைச் சாய்த்துக் காட்டினார். இருபது நிமிஷம் தாண்டியிருந்தது. ரத்தம் தண்ணீர் போல ஓடியது.

காஞ்சிபுரம் அரசு மருத்துவமனைக்கு நானும் கூடவே போனேன். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அங்கே குழந்தைகள் வார்டில் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ரத்தம் உறைவதற்காகப் பிளாஸ்மா ஏற்றினார்கள், உச்சிக்குழி மேல் கருவியை வைத்துத் தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். என் கையில் காய்ந்த ரத்தமும் மஞ்சளும். கழுவ எழுந்து போகத் தெம்பில்லை. எத்தனையோ பிரசவம் பார்த்தவள், எத்தனையோ சாவையும் பார்த்தவள்தான். ஆனால் ஒரு குழந்தை என் பேனாவால் செத்துப்போகுமோ என்று நினைத்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் வார்டு டாக்டர் வந்து சொன்னார். தலைக்குள் கசிவு இல்லை. தொப்புளில் ரத்தம் நின்றுவிட்டது. நல்ல காலம், வெளியே தெரிகிற இடத்தில் கசிந்தது, இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்த்து அனுப்புகிறோம் என்றார். நாத்தனார் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள். தாய் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க மட்டும் நாளைக்குன்னு வுட்டிருந்தா..." என்றாள்.

சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை, அந்தக் கட்டத்தைத் திருத்தி எழுதினால் முடிந்தது. வேண்டாம் என்று உள்ளே ஒரு குரல் சொல்லத்தான் செய்தது. ஆனால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அந்த நன்றியை வாங்கிக்கொள்ள என்னால் முடியவில்லை.

"அந்த ஊசி போடல. திங்கக்கிழமை நான் வந்தேன்ல, போட்டாச்சுன்னு தப்பா எழுதிக்கினு போயிட்டேன். அப்பவே பாத்திருந்தா கொயந்தைக்கு இது வந்தே இருக்காது" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. பிறகு வார்டுக்குள் குழந்தையிடம் போய்விட்டாள். அவள் கணவன் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்தார். விசாரணைக்கு என்னையும் வார்டு நர்ஸையும் கூப்பிட்டார்கள். நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தேன். ஒரு மெமோ வந்தது. வழியில் பிறந்து வரும் குழந்தைகளுக்கு உள்ளே வந்ததும் முதல் வேலையாக வைட்டமின் கே போட வேண்டும் என்று டாக்டர் பிரசவ அறைச் சுவரில் எழுதி ஒட்டினார். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் இப்போது குழந்தையின் இரண்டு தொடையையும் விலக்கிப் பார்க்கிறேன். மூன்றாம் நாளில் ஊசித் தழும்பு தெரியாது, அது எனக்கும் தெரியும். அதனால் பிரசவ அறைப் பதிவேட்டில் நேரமும் கையெழுத்தும் இருக்கிறதா என்று போன் போட்டுக் கேட்கிறேன். தொல்லை பிடித்தவள் என்று பேர்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு புதன்கிழமை அவள் அங்கன்வாடிக்கு வந்தாள். வருவாள் என்று நான் நினைக்கவில்லை; வேறு நிலையத்துக்குப் போய்விடுவாள் என்று நினைத்திருந்தேன். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. கூடத்தில் பத்துப் பதினைந்து பெண்கள். அவள் முறை வந்தபோது பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள், ஆனால் துணியை விலக்கவில்லை.

"இன்னிக்கி எத்தினி ஊசி?"

"மூணு. ரெண்டு தொடையில ஒண்ணொண்ணு, கையில ஒண்ணு. ரெண்டு சொட்டு மருந்து."

"எது எது எதுக்குன்னு சொல்லுங்கோ."

சொன்னேன். பின்னால் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து, ஊசியில் மருந்தை ஏற்றினேன்.

"போன தபா தப்பா எழுதிட்டீங்கோ. இப்ப போட்ட அப்புறம் எனக்குக் காட்டிட்டு எழுதுங்கோ" என்றாள். குரலில் கோபம் இல்லை. எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள்.

முதல் ஊசியைப் போட்டேன். குழந்தை வீரிட்டது. நோட்டை அவள் பக்கம் திருப்பி, எழுதப்போகிற கட்டத்தைக் காட்டினேன். அவள் அழுகிற பிள்ளையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறுகை விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, "ம், எழுதுங்கோ" என்றாள். நான் எழுதினேன்.